வியாழன் வைத்தால் வியாழன் பொரிக்கும்

கூடைக்குள் மணலோ தவிடோ பரப்பி, அதன்மேல் வைக்கோலைச் சுருட்டிப் போட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார் மாமியார். இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுப்போகக் கூடாது என்று ஓர் இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும் ஓரத்தில் செருகுவது நம் ஊர்களில் வழக்கம். பொழுது சாய்ந்ததும் அடைக்கோழியைத் தூக்கி மேலே உட்கார வைக்கிறார். கூடையைப் பிடித்துக்கொண்டிருந்த மருமகள், "எப்ப அத்தை பொரிக்கும்?" என்று கேட்கிறாள். மாமியார் காலண்டர் பக்கமே திரும்பவில்லை. "இன்னைக்கு வியாழக்கிழமை. இது கழிச்சு மூணாவது வியாழக்கிழமை குஞ்சு சத்தம் கேட்கும் பாரு."

கணக்கு அவ்வளவுதான். கோழி முட்டை பொரிக்க இருபத்தோரு நாள். இருபத்தொன்று என்பது மூன்று வாரம். அதனால் எந்தக் கிழமையில் அடை வைத்தாலும் அதே கிழமையில்தான் குஞ்சு வெளியே வரும். தேதியை மறந்துபோகலாம், கிழமை மறக்காது.

தேதியாகவே வேண்டுமென்றால் அதற்கும் எளிய வழி இருக்கிறது. 31 நாள் உள்ள மாதத்தில் அடை வைத்தால், வைத்த தேதியிலிருந்து பத்தைக் கழிக்க வேண்டும். வருவது அடுத்த மாதத்துப் பொரிப்புத் தேதி. 30 நாள் மாதமென்றால் ஒன்பதைக் கழிக்க வேண்டும். 28 நாள் பிப்ரவரிக்கு ஏழு. ஜனவரி 22-ஆம் தேதி வைத்த முட்டைக்குப் பிப்ரவரி 12. ஏப்ரல் 15-க்கு மே 6. வைத்த தேதி அந்தந்த மாதத்துக்குக் கழிக்க வேண்டிய எண்ணைத் தாண்டாவிட்டால் கழிக்கவே வேண்டாம், 21-ஐக் கூட்டினால் அதே மாதத்தில் விடை கிடைத்துவிடும்.

ஆனால் இந்தக் கணக்கில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அடை வைத்த நாளையே ஒன்றாம் நாள் என்று எண்ணிவிடுவதுதான் அது. வியாழன் மாலை ஆறு மணிக்கு வைத்த முட்டை, வெள்ளி மாலை ஆறு மணிக்குத்தான் ஒரு நாளை முடிக்கிறது. வியாழனையே ஒன்று என்று எண்ணுகிறவருக்கு இருபத்தொன்று புதன்கிழமையிலேயே முடிந்துவிடும். புதன் இரவு வரை ஓட்டில் கீறல்கூட விழவில்லையே என்று பதறி, முட்டையைக் குலுக்கிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார். சிலர் நகத்தால் ஓட்டைப் பெயர்த்தும் விடுவார்கள். நல்லபடியாக வந்திருக்க வேண்டிய குஞ்சு ஒரு நாள் எண்ணிக்கைப் பிழையால் செத்துப்போகும். பெரிய பொரிப்பகங்களில் நாளாக எண்ணாமல் மணியாகவே எண்ணுகிறார்கள். இருபத்தோரு நாள் என்பது 504 மணி நேரம்.

அந்த 504 மணி எந்தக் கணத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கோழி முட்டையிட்ட நேரத்திலிருந்து அல்ல. சேவலோடு சேர்ந்த கோழி இடும் முட்டையில், வெளியே விழும்போதே கரு பல்லாயிரம் செல்களாகப் பெருகியிருக்கும். தாயின் உடற்சூட்டில், முட்டை உருவாகிற ஒரு நாள் பொழுதில் நடந்த வளர்ச்சி அது. வெளியே வந்து முட்டை ஆறியதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. சாகவில்லை, தூங்குகிறது. ஏறத்தாழ 20, 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கரு வளர்வதில்லை. மறுபடி தாயின் வயிற்றுச் சூடோ இன்குபேட்டரின் சூடோ படும்போதுதான் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. ஆகவே முட்டை எந்த நாளில் இடப்பட்டது என்பதல்ல, எந்த நாளில் சூடு ஏறியது என்பதே கணக்கு.

கோழிக்கு இது பிறவியிலேயே தெரிந்திருக்கிறது. நாட்டுக்கோழி ஒரு ஈட்டில் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேலேயே இடும், அதுவும் நாளுக்கு ஒன்று வீதம், இடையிடையே ஒரு நாள் விட்டு. இட்டதும் உட்கார்ந்துவிடாது. முட்டையைப் போட்டுவிட்டுக் கேறிக்கொண்டே எழுந்து போய்விடும். ஈடு முடிந்த பிறகுதான் அடை படுக்கும். முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இடையில் இரண்டு வாரம் இருந்தாலும் எல்லா முட்டைக்கும் சூடு ஒரே நாளில் ஏறுவதால் எல்லாக் குஞ்சும் ஒன்றாக வெளியே வருகின்றன. முட்டையிட்ட நாளிலிருந்தே வளர்ச்சி தொடங்கியிருந்தால், மூத்த குஞ்சு நடக்கும்போது கடைக்குட்டிக்கு இறக்கைகூட முளைத்திருக்காது. தாய் எதைக் காப்பாற்றும்?

கரு தூங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. இட்ட ஏழு நாளுக்குள் அடை வைத்தால் சேதமில்லை. அதற்குமேல் ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் பொரிக்கும் வாய்ப்புச் சிறிது சிறிதாகக் குறைகிறது; பொரிக்கிற முட்டையும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாமதமாகப் பொரிக்கிறது. இரண்டு வாரம் கிடந்த முட்டையையும் நேற்று இட்ட முட்டையையும் ஒன்றாக வைத்தால், அவை பாதி நாள் இடைவெளியில் வருவது இதனால்தான்.

நம் ஊர்க் கோடையில் இன்னொரு வில்லங்கம் சேர்கிறது. சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 33, 34 டிகிரி இருக்கும். அலமாரியில் சேர்த்து வைத்திருக்கும் முட்டைக்குள் கரு முழுதாகத் தூங்கவும் முடியாமல், ஒழுங்காக வளரவும் முடியாமல் அரைகுறையாகத் துடிக்கத் தொடங்கும். அந்தச் சூடு வளர்த்து முடிக்கப் போதாது. தூங்க வைக்கவும் விடாது. அப்படிப் பாதியில் கிளம்பிய கருக்களில் பல, அடை வைத்த முதல் சில நாட்களிலேயே சாகின்றன. கோடை முட்டையைப் பொரிக்க வைக்கத் தயங்கும் பெரியவர்கள் சொல்வது முழுக்க அனுபவ உண்மை. ஈர மணல் நிரப்பிய பானையில் முட்டையைச் சேர்த்து வைப்பதும், காற்றோட்டமான மூலையில் பானையை வைப்பதும் இந்தச் சூட்டிலிருந்து காக்கத்தான். குளிர்ச்சிதானே வேண்டும் என்று ஃபிரிட்ஜில் நாள்கணக்கில் வைத்தால் அது வேறு விதத்தில் கெடுக்கும். 4, 5 டிகிரி குளிர் கருவுக்கு ஆகாது. 15 முதல் 18 டிகிரி வரைதான் அதற்கு இதமான உறக்கம்.

கடையில் வாங்குகிற நாமக்கல் முட்டையை அடை வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. அந்தப் பண்ணைகளில் கோழிகளோடு சேவல் இல்லை. கருவே இல்லாத முட்டைக்கு இருபத்தொன்று என்ன, நாற்பத்திரண்டு நாள் கொடுத்தாலும் பயனில்லை.

இனி ஒரு கூடையையே எடுத்துக்கொண்டு தேதி தேதியாகப் போய்ப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்கு, 2026 ஜனவரி 22, வியாழக்கிழமை மாலை ஆறு மணி. கடைசிப் பத்து நாளில் இட்ட ஒன்பது முட்டை. ஒவ்வொன்றிலும் பென்சிலால் 22 என்று எழுதிக் கூடையில் வைத்தாயிற்று. பிப்ரவரி 12, வியாழன் மாலை ஆறு மணி கெடு.

இரண்டு நாள் முடிவதற்குள், சனிக்கிழமை மதியம் வாக்கில், ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஓர் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். மனிதர்கள் இதைப் பார்த்துப் பதிவு செய்து இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், அடையிலிருக்கும் முட்டைகளை வெவ்வேறு நாட்களில் உடைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். மூன்று பகல், மூன்று இரவு கழித்து வெள்ளைக்கருவில் ரத்தப் புள்ளி போல இதயம் தோன்றுகிறது, அது உயிருள்ளதுபோலத் துடித்து அசைகிறது என்றும், பத்தாம் நாள் குஞ்சின் எல்லா உறுப்பும் தெரிகிறது, தலை உடலைவிடப் பெரிதாக இருக்கிறது என்றும், இருபதாம் நாள் வாக்கில் உடைத்தால் குஞ்சு உள்ளேயிருந்து கீச்சிடுகிறது என்றும் அவர் சொன்னதை இன்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் சரிபார்த்துவிடலாம்.

ஜனவரி 29, அடுத்த வியாழன். ஏழு நாள் முடிந்தது. இருட்டிய பிறகு முட்டையின் அகன்ற முனையில் டார்ச் லைட்டை ஒட்டிப் பிடித்தால் உள்ளே நடப்பது தெரியும். நடுவில் கருப்புப் புள்ளி, அதிலிருந்து நாலாபுறமும் சிலந்திக் கால்போல் ஓடும் சிவப்பு நரம்புகள் என்றால் கரு நலமாக இருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக ஒளிர்ந்தால் அது கரு ஏறாத முட்டை. நரம்பு எதுவுமில்லாமல் ரத்தம் ஒரு வளையமாக ஒதுங்கியிருந்தால், கரு முதல் சில நாட்களில் வளர்ந்து செத்திருக்கிறது. நம் கூடையில் ஒன்று தெளிவு, ஒன்று வளையம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் எடுத்துவிட வேண்டும். விட்டால் அழுகிக் கூமுட்டையாகி, கோழியின் சூட்டில் வெடித்து மற்றவற்றையும் நாறடிக்கும். மீதி ஏழு.

இந்த நாட்களில் கோழி என்ன செய்கிறது என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். அதன் அடிவயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோல் முட்டையில் படுகிறது. அலகால் முட்டைகளை அடிக்கடி புரட்டுகிறது. வெளியிலிருப்பதை நடுவுக்கும் நடுவிலிருப்பதை ஓரத்துக்கும் நகர்த்துகிறது. புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உள்தோலோடு ஒட்டிக்கொள்ளும். நாளுக்கு ஒரு முறை கூடையை விட்டு இறங்கி, இரை தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டு, பதினைந்து இருபது நிமிடத்தில் திரும்பிவிடும். அந்தச் சிறு குளிர்ச்சி முட்டைக்கு ஒன்றும் செய்யாது. இன்குபேட்டர் வைத்திருப்பவர்கள் அரை மணி நேர மின்வெட்டுக்குப் பதறத் தேவையில்லாததும் இதனால்தான். பல மணி நேரம் குளிர்ந்தால் பொரிப்பு தாமதமாகும்; ஆனால் கரு குளிரைத் தாங்கும் அளவுக்குச் சூட்டைத் தாங்காது.

இன்குபேட்டரில் இதே வேலையைக் கருவியால் செய்கிறோம். காற்றாடி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி. காற்றாடி இல்லாத பெட்டியில் சூடு மேலே தங்கிவிடுவதால், முட்டையின் மேல்பக்க மட்டத்தில் அளந்து 38.5 வாக்கில் வைக்க வேண்டும். எகிப்தில் மண்ணால் கட்டிய பொரிப்பு அடுப்புகளில் வேலை செய்தவர்கள் தெர்மாமீட்டர் இல்லாமல், முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தே சூட்டை அறிந்தார்கள்.

சூடு அரை டிகிரி பிசகினால் என்ன ஆகும்? தேதி மாறும். இருபத்தொன்று என்பது சரியான சூட்டுக்கு மட்டுமே உரிய எண். மூன்று வாரமும் அரை டிகிரி குறைந்தே இருந்தால் குஞ்சு ஏறக்குறைய ஒரு நாள் பிந்தும். வயிறு ஊதி, மந்தமாக, நிற்கத் தெம்பில்லாமல் வரும். கூடுதலாக இருந்தால் இருபதாம் நாளிலேயே வரும். ஆனால் அவசரமாக வளர்ந்த குஞ்சின் தொப்புள் சரியாக மூடியிருக்காது, ரத்தம் கசியும், உடல் சிறுத்திருக்கும். தெர்மாமீட்டரில் சந்தேகம் வந்தால் பொரித்த தேதியைப் பார்த்தாலே போதும். மொத்தப் பொரிப்பும் முன்னால் போயிருந்தால் கருவி சூட்டைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. பின்னால் போயிருந்தால் கூட்டிக் காட்டியிருக்கிறது.

நம் கூடைக்கே திரும்பலாம். பிப்ரவரி 9, திங்கள் மாலை. பதினெட்டு நாள் முடிந்தது. இனி முட்டையைத் தொடக் கூடாது. இன்குபேட்டரிலும் இன்றோடு புரட்டுவதை நிறுத்தி, தண்ணீர்த் தட்டை நிரப்பி, அதுவரை 50, 55 சதவீதமாக இருந்த ஈரப்பதத்தை 65-க்கு மேல் ஏற்றி, மூடியைத் திறக்காமல் விட வேண்டும். இந்தப் பதினெட்டு நாளில் ஓட்டின் நுண்துளைகள் வழியாக முட்டை தன் எடையில் 12 சதவீதம் வரை நீரை இழந்திருக்கும். 50 கிராம் முட்டை 44 கிராம் ஆகியிருக்கும். அந்த இழப்பால்தான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிறது. குஞ்சின் முதல் மூச்சு அங்கேதான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வெளியே எதுவும் தெரியாது. உள்ளேதான் அத்தனையும் நடக்கிறது. மிச்சமிருக்கும் மஞ்சள்கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. புதன்கிழமை வாக்கில் அலகு காற்றறையின் தோலைக் கிழித்து உள்ளே நுழைகிறது. அதுவரை ஓட்டை ஒட்டிய ரத்தக்குழாய்கள் வழியே கிடைத்த உயிர்க்காற்றை இப்போது நுரையீரல் தானே இழுக்கிறது. காதில் வைத்துக் கேட்டால் கீச்சென்று சத்தம் வரும். கோழியும் உள்ளே பார்த்துக் கொக்கொக்கென்று மெல்லப் பேசும்.

வியாழன் காலை, அகன்ற முனைக்குச் சற்றுக் கீழே நட்சத்திரம் போல் ஒரு கீறல். அலகின் நுனியில் இருக்கும் வெண்ணிறக் கூர்முனை உள்ளிருந்து மோதியதால் விழுந்தது அது. பிறந்த சில நாளில் அந்தக் கூர்முனை உதிர்ந்துபோகும்; அது இந்த ஒரு வேலைக்காகவே முளைத்தது. கீறல் விழுந்ததும் குஞ்சு ஓய்ந்துவிடும். மணிக்கணக்கில் அசைவே இருக்காது. பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கை அரிக்கும் நேரம் இதுதான். முதல் கீறலுக்கும் முழுதாக வெளிவருவதற்கும் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் ஆகலாம். அந்த ஓய்வில், ஓட்டின் உள்தோலில் ஓடும் ரத்தம் மெல்ல மெல்லக் குஞ்சின் உடலுக்குள் திரும்புகிறது. அதற்குமுன் நாம் ஓட்டைப் பிரித்தால் குழாய் அறுந்து ரத்தம் போய்விடும். உதவியாக நினைத்துச் செய்வது கொலையாக முடியும்.

ரத்தம் உள்ளே போன பிறகு குஞ்சு மெல்லச் சுழலத் தொடங்கும். பிடரியிலிருக்கும் தசையின் பலத்தில் தலையை உந்தி ஓட்டைத் தட்டும், கொஞ்சம் திரும்பும், மறுபடி தட்டும். முட்டையைச் சுற்றி ஒரு கோடு விழுந்து, அகன்ற முனை மூடிபோலப் பெயரும். ஈரத்தில் ஊறிய, அசிங்கமாகக்கூடத் தோன்றும் ஓர் உருவம் கால்களை உதைத்து வெளியே விழும். இரண்டு மணி நேரத்தில் உலர்ந்து மஞ்சள் பந்தாகும்போதுதான் அது நாம் படத்தில் பார்க்கும் குஞ்சு.

நம் கணக்கில் வியாழன் இருட்டுவதற்குள் நான்கு, இரவில் ஒன்று, வெள்ளி காலை ஒன்று. ஒரே கெடுவில் வைத்த முட்டைகளுக்குள்ளேயே ஒரு நாள் முன்பின்னாக வருவது இயல்பு. முட்டையின் பருமன், எத்தனை நாள் சேமித்தது, கூடையின் நடுவில் கிடந்ததா ஓரத்தில் கிடந்ததா என்று ஒவ்வொன்றும் சில மணிகளைக் கூட்டும், குறைக்கும். முந்திக்கொண்டதைத் தீனிக்காக உடனே எடுக்க வேண்டியதில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். பொரிப்பகங்கள் ஒரு நாள் குஞ்சைப் பெட்டியில் அடைத்துத் தொலைதூரப் பண்ணைகளுக்கு அனுப்புவதே இந்த மிச்சத்தை நம்பித்தான்.

அங்கே கணக்கு பின்னாலிருந்து போடப்படுகிறது. வெள்ளிக்கிழமை விடியலில் லாரி கிளம்ப வேண்டும், குஞ்சுகளை இரவு இரண்டு மணிக்கு இயந்திரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவை பொரித்து உலர்வதற்கு 510 மணி ஆகும் என்பது அந்தப் பொரிப்பகத்தின் அனுபவமானால், மூன்று வாரமும் ஆறு மணி நேரமும் பின்னால் போக வேண்டும். வியாழன் இரவு எட்டு மணிக்கு முட்டை உள்ளே போயாக வேண்டும். முட்டை பத்து நாள் பழையது என்றால் இன்னும் சில மணி நேரம் முன்பாக.

வீட்டுக் கூடையில் தேதியைக் குழப்புவது பெரும்பாலும் இன்னொரு கோழி. அடைக்கோழி இரை தின்ன இறங்கிய இடைவெளியில் பக்கத்துக் கோழி ஏறி உட்கார்ந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடை வைத்து ஐந்தாம் நாள் சேர்ந்த முட்டைக்குக் கெடு ஐந்து நாள் தள்ளித்தான். முதல் குஞ்சுகள் வந்து ஓரிரு நாளில் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். பின்னால் வர வேண்டியது உயிரோடு குளிர்ந்து சாகும். பென்சிலில் 22 என்று எழுதி வைத்தது இதற்குத்தான். எண் இல்லாத முட்டை கண்ணில் பட்டால் அன்றே எடுத்துச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் இங்கேதான். வாத்துக்கு 28 நாள். இரண்டையும் ஒரே கூடையில் பொரிக்க வேண்டுமானால் வாத்து முட்டையை ஒரு வாரம் முன்பே வைத்துவிட்டு, எட்டாம் நாள் கோழி முட்டையைச் சேர்க்க வேண்டும்.

ஏழில் ஆறு வந்தாயிற்று. ஏழாவது சனிக்கிழமை மாலை வரை அசையவில்லை. இருபத்துமூன்று நாள் ஆன பிறகு காத்திருப்பதில் பொருளில்லை. அதைத் தூக்கி எறியாமல், கூடையிலிருந்து தள்ளி எடுத்துப்போய் உடைத்துப் பார்ப்பவர் அடுத்த ஈட்டுக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறார். இறகு முளைக்காத சிறு உரு என்றால் இரண்டாம் வாரத்துக்குள் செத்திருக்கிறது. அந்த நாட்களில் கோழி கூடையை விட்டு அதிக நேரம் போயிருந்ததா என்று யோசிக்கலாம். முழுதாக வளர்ந்த குஞ்சு, தலை கூர்முனைப் பக்கம் திரும்பியிருந்தால், அது காற்றறைக்கு வழி தெரியாமல் மூச்சு முட்டிச் செத்தது. முட்டையைக் கூர்முனை மேலாக அடுக்கினால் இப்படி அதிகம் நேரும். அலகு காற்றறைக்குள் நுழைந்து, ஓட்டில் ஒரு கீறலும் விழுந்து, உள்தோல் காய்ந்து காகிதம்போல் குஞ்சின்மேல் ஒட்டியிருந்தால், கடைசி மூன்று நாளில் ஈரம் போதவில்லை. அப்படியானால் அடுத்த முறை பதினெட்டாம் நாள், திங்கட்கிழமை மாலையிலேயே, கூடைக்கடியில் இருக்கும் மணலில் ஓரமாக ஒரு கை தண்ணீர் தெளித்துவிட வேண்டும்.